கழித்தால் வருவதெல்லாம் மாற்றமல்ல: இரண்டு செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு நிலமாற்றம் காண்பது

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூரைத் தாண்டியதும் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வரும். 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். பரப்பு ஏறத்தாழ 88 ஏக்கர். நிலமாற்றத்தைப் படத்திலிருந்து கண்டுபிடிக்கப் பழகுகிறவர்கள் இந்த இடத்தில் தொடங்கலாம் என்பேன். விடை முன்பே தெரிந்த கணக்கு இது. உங்கள் வரைபடத்தில் முனையம் தெரியவில்லை என்றால் முறையில் பிழை. மாற்றத்தைக் குறிக்கும் சிவப்பு நிறம் முனையத்தோடு சேர்ந்து சுற்றுவட்டாரம் முழுவதும் பரவிக் கிடந்தாலும் பிழைதான். தொடங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் நேர்வது இரண்டாவது.

நமக்கு வேண்டியவை 2019 பிப்ரவரியில் ஒன்றும் 2024 பிப்ரவரியில் ஒன்றுமாக, சென்டினல்-2 செயற்கைக்கோள் எடுத்த இரண்டு `L2A` வகைப் படங்கள். கோப்பர்நிக்கஸ் தரவுத்தளத்தில் பதிவு செய்துகொண்டால் இலவசமாகக் கிடைக்கும். மென்பொருள் கியூஜிஐஎஸ், அதுவும் இலவசம். ஒரு படத்திலிருந்து மற்றொன்றைக் கழிப்பது ஒரு நிமிட வேலை. மீதி நாள் முழுவதும் போலி மாற்றங்களைக் களையெடுப்பதில் போகும். ஒவ்வொரு போலிக்கும் ஒரு காரணம் உண்டு, வரைபடத்தில் தனி முகமும் உண்டு. அந்த முகங்களை அடையாளம் காணப் பழகுவதே இந்த வேலையில் பெரும்பகுதி.

ஒரே மாதம், ஒரே பாதை

செங்கல்பட்டு மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று போகம் உண்டு. பிப்ரவரியில் சம்பா அறுத்த வயல் கட்டாந்தரையாகக் கிடக்கும். பக்கத்து வயலில் நவரை பச்சையாக நிற்கும். ஜனவரிப் படத்தையும் மே மாதப் படத்தையும் கழித்தால் கிடைப்பது பயிர் நாட்காட்டிதான், நிலமாற்றம் அல்ல. அதனால் ஆண்டு வேறானாலும் இரண்டு படமும் ஒரே மாதத்தில், முடிந்தால் தேதிகள் பத்து நாள் இடைவெளிக்குள் இருக்கட்டும். சூரியனின் உயரமும் அப்போது ஏறத்தாழ ஒன்றாக இருக்கும், கட்டட நிழல்களின் நீளமும் ஒத்துப்போகும். கோப்புப் பெயரில் `R` என்று தொடங்கும் மூன்றிலக்க எண் சுற்றுப்பாதையைக் குறிக்கிறது. அது இரண்டிலும் ஒன்றாக இருந்தால், செயற்கைக்கோள் இரண்டு முறையும் ஒரே கோணத்திலிருந்து பார்த்திருக்கிறது என்று பொருள்.

மாதம் ஒன்றானாலும் மழை ஒன்றாகிவிடாது. 2018இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது; அடுத்த கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்தது. ஆகவே நம் முதல் படம் வறட்சிக்கு முந்தைய காய்ந்த பிப்ரவரி, இரண்டாவது ஈரம் மிச்சமிருக்கும் பிப்ரவரி. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இரண்டு இடங்களில் இது காலை வாரிவிடும்.

அந்த ஆயிரம்

நான் முதன்முதலாகப் போட்ட வரைபடத்தில் ஒரு தாலுகாவே பச்சையை இழந்திருந்தது. காடு, தோப்பு, வயல் எதுவும் மிஞ்சவில்லை. ஒரு நாள் முழுக்க வறட்சி, பூச்சித் தாக்குதல் என்று காரணம் தேடிக்கொண்டிருந்தேன். காரணம் கோப்புக்குள்ளேயே இருந்தது.

சென்டினல்-2 படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் எண் உண்டு. அதை 10,000ஆல் வகுத்தால் தரை எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்ற விகிதம் கிடைக்கும். 2022 ஜனவரி 25 முதல் வெளிவரும் கோப்புகளில் இந்த எண்ணோடு 1,000 கூட்டி எழுதுகிறார்கள். மிக இருண்ட இடங்களின் மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய் அறுபட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பழைய கோப்பில் அந்த ஆயிரம் இல்லை.

இதன் விளைவை ஒரு மரத்தோப்பின் பிக்சலில் போட்டுப் பார்க்கலாம். அகச்சிவப்புப் பட்டையான `B08`இல் 3,000, சிவப்புப் பட்டையான `B04`இல் 600 என்று வைத்துக்கொள்வோம். தாவரக் குறியீடு என்பது இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தது. அதாவது 2,400 வகுத்தல் 3,600, விடை 0.67. அதே தோப்பு, ஓர் இலைகூட உதிராமல், புதிய கோப்பில் 4,000 ஆகவும் 1,600 ஆகவும் பதிவாகியிருக்கும். வித்தியாசம் அதே 2,400தான், கூட்டுத்தொகை மட்டும் 5,600. விடை 0.43. ஒரு மரமும் சாயாமல் 0.24 குறைந்துவிட்டது.

இந்தப் போலியின் முகம் எளிது. இடம் பார்க்காமல் எங்கும் பரவியிருக்கும், பச்சை அடர்ந்த இடத்தில் அதிகமாக இருக்கும். கோப்புப் பெயரில் `N` என்று தொடங்கும் நான்கிலக்க எண்ணைப் பாருங்கள். `N0400` அல்லது அதற்கு மேல் என்றால் ஆயிரம் சேர்ந்திருக்கிறது. 2019 படத்துக்குப் பழைய கோப்பும் மறுபதப்படுத்திய கோப்பும் இரண்டுமே தரவுத்தளத்தில் கண்ணில் படலாம். மறுபதப்படுத்தியதையே எடுங்கள். அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது.

அரைப் பிக்சல் நகர்ந்தால்

2021க்கு முன் வந்த மூலக் கோப்புகளில் படம் தரையில் உட்காரும் இடம் ஒரு பிக்சல் அளவுக்கு, அதாவது பத்து மீட்டர் வரை, தள்ளிப்போயிருக்கலாம். பிறகு பொருத்தும் முறையை மேம்படுத்தினார்கள். மறுபதப்படுத்திய கோப்புகளில் 2019 படங்களுக்கும் அந்தத் திருத்தம் உண்டு.

படம் நகர்ந்திருக்கிறதா என்று கழித்த படத்திலேயே கண்டுபிடிக்கலாம். ஏரிக்கரை, ரயில் பாதை, அகலச் சாலை ஆகியவற்றின் ஒரு விளிம்பில் மெல்லிய சிவப்புக் கோடும் எதிர்விளிம்பில் மெல்லிய பச்சைக் கோடும் இணையாக ஓடினால் படம் நகர்ந்திருக்கிறது. உண்மை மாற்றம் இப்படி ஜோடியாக வராது. முனையத்தைப் பார்ப்பதற்கு முன் தாம்பரம்–செங்கல்பட்டு ரயில் பாதையை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கழிப்பது

இரண்டும் ஆயிரம் சேர்ந்த கோப்புகள் என்றால், ராஸ்டர் கால்குலேட்டரில் ஒவ்வொரு தேதிக்கும் இதை எழுதுங்கள். வித்தியாசம் எடுக்கும்போது ஆயிரங்கள் தாமாகவே அடிபட்டுப் போகின்றன. கூட்டுத்தொகையில் மட்டும் 2,000 கழித்தால் போதும்.

```
("B08_2024@1" - "B04_2024@1") /
("B08_2024@1" + "B04_2024@1" - 2000)
```

விடைகளை `ndvi_2024`, `ndvi_2019` என்று சேமித்துவிட்டு, பிறகு புதியதிலிருந்து பழையதைக் கழிக்க வேண்டும்:

```
"ndvi_2024@1" - "ndvi_2019@1"
```

விடையில் எதிர்மறை எண் இருந்தால் அங்கே பச்சை குறைந்திருக்கிறது. கிளாம்பாக்கத்தில் இப்போதே ஒரு கறை தெரியும். சுற்றிலும் நூறு கறைகள் தெரியும்.

எங்கே கோடு போடுவது

எவ்வளவு குறைந்தால் மாற்றம் என்று சொல்லலாம்? −0.2 என்று எங்கோ படித்த எண்ணை அப்படியே போடுகிறவர்கள் உண்டு. அந்த எண் வேறொரு ஊருக்கும் வேறொரு மழைக்கும் உரியது. நம் ஊருக்கான எண்ணை நம் படத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

மாறவே இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பச்சை நிலங்களின் மேல் ஏழெட்டுப் பலகோணங்கள் வரையுங்கள். வண்டலூர் பூங்காவின் காட்டுப்பகுதி நல்ல இடம். குன்றுப் புதர், பழைய மாந்தோப்பு என்று சிலவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பலகோணங்களை ஒன்றாக இணைத்துவிட்டு, `Zonal statistics` கருவியில் அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசத்தின் இடைநிலை மதிப்பையும் திட்ட விலக்கத்தையும் எடுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு, இடைநிலை +0.05, திட்ட விலக்கம் 0.08 என்று வந்தால் என்ன பொருள்? எதுவும் நடக்காத நிலம்கூட மழையால் 0.05 அளவுக்குக் கூடுதல் பச்சையாகத் தெரிகிறது. எனவே நம் பூஜ்யம் 0 அல்ல, 0.05. அதிலிருந்து திட்ட விலக்கத்தைப் போல் இரண்டரை மடங்கு, அதாவது 0.20, கீழே இறங்கினால் −0.15. அதுவே நம் கோடு. −0.2 என்ற கடன் வாங்கிய எண்ணைப் போட்டிருந்தால், −0.15க்கும் −0.2க்கும் இடையில் கிடக்கும் பிக்சல்களை இழந்திருப்போம். பாதி தோட்டமும் பாதி வீடுமாக மாறிய இடங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஈரமான ஆண்டு உண்மை இழப்பை மூடி மறைக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. போலி என்றால் இல்லாததைக் காட்டுவது மட்டுமல்ல, இருப்பதை ஒளிப்பதும்தான்.

பலகோணங்களைக் கட்டடங்களின் மேல் வரைந்தால் இந்தக் கணக்கு கெட்டுவிடும். மழை கான்கிரீட்டைப் பச்சையாக்காது. அங்கே விலகலும் சிறியதாக இருக்கும், கோடு பூஜ்யத்துக்கு மிக அருகில் வந்து நிற்கும். நாம் தேடுவது பச்சை இழப்பு என்பதால் அளவுகோலும் பச்சையிலிருந்தே வர வேண்டும்.

மேகம், நிழல், ஏரி

ஒவ்வொரு படத்துடனும் `SCL` என்ற வகைப்பாட்டு அடுக்கு வரும். அதில் 3 மேகநிழல், 8, 9 மேகம், 10 மெல்லிய உயர்மேகம். இரண்டு தேதிகளில் எதிலாவது இந்த எண் இருக்கும் பிக்சலை விலக்கிவிடுங்கள். மேக விளிம்பையும் நிழல் விளிம்பையும் இந்த அடுக்கு அடிக்கடி தவறவிடும் என்பதால், விலக்கும் பகுதியைச் சுற்றிலும் ஐந்தாறு பிக்சல் கூடுதலாக விரித்துக்கொள்வது நல்லது. அடுக்கு 20 மீட்டர் துல்லியத்தில் இருக்கும். அதை 10 மீட்டருக்கு மாற்றும்போது `Nearest neighbour` முறையை மட்டும் பயன்படுத்துங்கள். சராசரி எடுக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால், நிழலின் 3க்கும் வெற்றுத்தரையின் 5க்கும் நடுவில் 4 வந்து நிற்கும். இந்த அடுக்கில் 4 என்றால் தாவரம்!

இங்கே ஒரு குழி இருக்கிறது. பளிச்சென்ற வெள்ளைக் கூரையை இந்த அடுக்கு சில நேரம் மேகம் என்று எடுத்துக்கொள்ளும். புதிய கிடங்கும் புதிய முனையமும் அப்படிப்பட்ட கூரையோடு வருபவைதான். போலியை நீக்கப் போய் அசலையே நீக்கிவிடுவோம். மேகம் என்றால் அருகில் ஒரு நிழல் விழும், அடுத்த படத்தில் அது அதே இடத்தில் இருக்காது. நான்கு படங்களில் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் "மேகம்" கூரைதான். அதை விலக்குப் பட்டியலிலிருந்து வெளியே எடுங்கள்.

ஏரி தனிக்கதை. காய்ந்த 2019இல் ஏரியின் உட்புறத்தில் புல் முளைத்து 0.25 என்று காட்டும். 2024இல் அங்கே தண்ணீர் நிற்கும், மதிப்பு −0.1. கழித்தால் −0.35, கட்டடம் எழுந்ததைவிட ஆழமான சரிவு. ஏரியின் வடிவத்திலேயே, கரையை ஒட்டி வளைந்து கிடப்பது இதன் முகம். ஆகாயத்தாமரையை அள்ளிய ஏரியும் இதே போலத்தான் தெரியும்.

ஏரிகளை மொத்தமாக மறைத்துவிடலாம் என்ற யோசனை எளிது. ஆனால் சென்னைப் புறநகரில் நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதே ஏரிக்குள் எழும் கட்டடங்கள். அதனால் நான் ஒரு பக்கத்தை மட்டும் மறைப்பேன். 2024இல் தண்ணீர் நிற்கும் பிக்சலை விலக்கலாம், தண்ணீருக்கு மேல் வீடு இல்லை. நீரைப் பிரிக்க, பச்சைப் பட்டையான `B03`ஐ வைத்து இது போதும். விடை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் தண்ணீர்:

```
("B03_2024@1" - "B08_2024@1") /
("B03_2024@1" + "B08_2024@1" - 2000)
```

2019இல் தண்ணீராக இருந்து 2024இல் தண்ணீர் இல்லாத இடம் ஏதாவது இருந்தால் அதைத் தொடாதீர்கள். இரண்டாவது படத்துக்கு முன் மழை தாராளமாகப் பெய்திருக்கிறது. அப்படியும் ஓர் ஏரியோரம் உலர்ந்திருந்தால், ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

சல்லடை

இப்போது மிஞ்சுவதில் ஒற்றைப் பிக்சல்களாகத் தூவிக் கிடப்பவை நிறைய இருக்கும். கோட்டுக்குக் கீழே இறங்கிய பிக்சலுக்கு 1, மற்றதற்கு 0 என்று எழுதிய படத்தை `maatram.tif` என்று சேமித்துக்கொண்டு அவற்றைச் சலித்துவிடலாம்:

```
gdal_sieve.py -st 10 -8 maatram.tif salitthathu.tif
```

பத்துப் பிக்சலுக்குச் சிறிய திட்டுகள் இதில் மறைந்துவிடும். `-8` என்பது மூலைவிட்டமாகத் தொடும் பிக்சல்களையும் ஒரே திட்டாகக் கொள்ளச் சொல்கிறது. அது இல்லாவிட்டால் சாய்வாக ஓடும் புதிய சாலை துண்டு துண்டாக உடைந்து சல்லடையில் விழுந்துவிடும்.

பத்து என்ற எண்ணை யோசித்துப் போடுங்கள். ஒரு பிக்சல் 100 சதுர மீட்டர், பத்துப் பிக்சல் என்றால் ஏறத்தாழ கால் ஏக்கர். ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். இரண்டு பிக்சலுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தனி வீடு இந்தப் படத்தில் சல்லடைக்கு முன்பே நம்பத்தக்கதல்ல. கிடங்கு, அடுக்குமாடி, முனையம் போன்றவற்றைத் தேடுகிறீர்கள் என்றால் பத்து சரி. மேகத்தையும் நீரையும் விலக்கிய பிறகே சலிக்க வேண்டும். முன்பே சலித்தால், பெரிய மேகநிழலோடு ஒட்டிய போலித் துண்டு பெரிய திட்டின் பகுதியாகத் தப்பிவிடும். பின்னால் நிழலை விலக்கும்போது அதன் விளிம்பு மட்டும் மிஞ்சி நிற்கும்.

கூடுதல் படங்கள்

இவ்வளவுக்குப் பிறகும் வயல்கள் மிஞ்சும். 2019இல் நவரை நட்டு 2024இல் தரிசாக விட்ட வயல், கழித்த படத்தில் கட்டுமானத்தைப் போலவே தெரியும். நேரான எல்லை, கால் ஏக்கருக்கு மேல், தெளிவான சரிவு என்று எந்தச் சோதனையிலும் தேறிவிடும். இரண்டு படங்களை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிரிக்க எனக்குத் தெரிந்து நல்ல வழி இல்லை.

கட்டடத்தின் மேல் நெல் முளைக்காது என்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். 2024 பிப்ரவரிக்குப் பிறகு ஓராண்டில் மேகமில்லாத நான்கைந்து படங்களை, வெவ்வேறு மாதங்களிலிருந்து எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தாவரக் குறியீடு கணக்கிட்டு, ஒவ்வொரு பிக்சலிலும் வந்த மிக உயர்ந்த மதிப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வயல் எப்போதாவது ஒரு முறை பச்சையாகும், உச்சம் உயரும். முனையத்தின் உச்சம் தாழ்ந்தே இருக்கும். எங்கே வெட்டுவது என்பதை தாம்பரத்தின் பழைய குடியிருப்புகளின் மேல் பலகோணம் வரைந்து பார்த்து முடிவு செய்யலாம். அந்தக் கட்டடங்களின் உச்சத்துக்குச் சற்று மேலே கோடு போட்டால், கோட்டைத் தாண்டுபவை வயல்கள். என் கையில் வரைபடத்தை அதிகம் சுத்தமாக்கியது இந்தப் படிதான்.

எண்ணுவதற்கு முன்

இப்போது கிளாம்பாக்கத்தைப் பாருங்கள். 88 ஏக்கர் என்பது ஏறத்தாழ 3,560 பிக்சல். அத்தனையும் சிவக்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதல் படத்திலேயே வெறும் தரையாக இருந்த பகுதியில் இழக்கப் பச்சை இல்லை, அதனால் அங்கே இந்த முறைக்கு எதுவும் தெரியாது. அப்படிப்பட்ட இடங்களுக்காக `B04`ஐத் தனியாகக் கழித்து ஓர் அடுக்கு வைத்துக்கொள்ளலாம். மண் கான்கிரீட்டாக மாறினால் சிவப்பு ஒளியின் அளவு மாறும். அதற்கும் கோட்டை வரைய மேலே சொன்ன வழியேதான், பலகோணங்களை மட்டும் மாறாத வெற்றுத்தரையில் வரைய வேண்டும்.

மொத்தப் பரப்பைச் சொல்லப் பிக்சல்களை எண்ணிப் பெருக்கிவிடும் ஆசை வரும். கற்பனையாக ஒரு கணக்கு போடுவோம். பகுதி 20,000 ஹெக்டேர், சிவந்தது 400. சிவந்ததில் 50 புள்ளிகளையும் சிவக்காததில் 50 புள்ளிகளையும் குலுக்கல் முறையில் எடுத்து, கூகுள் எர்த்தின் பழைய படங்களில் ஒவ்வொன்றாகப் பார்க்கிறீர்கள். சிவந்ததில் 40 உண்மை. அப்படியானால் 320 ஹெக்டேர். சிவக்காததில் 2 புள்ளிகள் உண்மையில் மாறியிருந்தன. வெறும் நான்கு சதவீதம் என்று தோன்றும். ஆனால் 19,600இல் நான்கு சதவீதம் 784 ஹெக்டேர், சரியாகக் கண்டுபிடித்த 320ஐப் போல் இரண்டு மடங்குக்கு மேல். இரண்டே புள்ளிகளில் நிற்கும் எண் என்பதால் அது 784தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. சிவக்காத பக்கத்தில் இன்னும் நூறு இருநூறு புள்ளிகள் பார்க்க வேண்டும். சிவந்த இடங்களை மட்டும் சரிபார்த்துவிட்டு "எண்பது சதவீதத் துல்லியம்" என்று எழுதும் அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

ஒரு வகை மாற்றம் இந்த முறைக்குள் சிக்காமலே போகும். வயலைச் சமன் செய்து, எல்லைக்கற்கள் நட்டு, மனைப்பிரிவாக விற்றிருப்பார்கள். வாங்கியவர் வீடு கட்ட மாட்டார். இரண்டு மழைக்குள் புல்லும் சீமைக்கருவேலமும் மண்டிவிடும். உச்ச மதிப்புச் சோதனை அதைப் பச்சை நிலம் என்று கழித்துக்கட்டும். சிவக்காத புள்ளிகளில் தவறிய அந்த இரண்டில் ஒன்று பெரும்பாலும் இதுவாக இருக்கும். படத்தில் தெரிவது தரையின் போர்வை, நிலத்தின் பயன்பாடு அல்ல. எல்லைக்கல் பத்து மீட்டர் பிக்சலில் தெரியாது. அதைப் பார்க்க ஊரப்பாக்கம் பக்கம் ஒரு நாள் இரு சக்கர வண்டியில் போய்வர வேண்டும்.